‘எல்லோருமே என் வாடிக்கையாளர்தான் சார்’

போன வியாழக்கிழமை காலை ஏழரை மணி. கோவையில் ஒரு ஓட்டலின் கூட்ட அறை. ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அறிமுகம் செய்துவைக்கக் கூடிய, சிறுதொழில் செய்கிற நாற்பது பேர். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று தங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், அறுபதாவது நொடியில் மணி அடிக்கும். வாராவாரம் நடப்பதுதான். சிறுதொழில்களுக்கு விற்பனை ஆலோசனை சொல்வது என் வேலை என்பதால் நான் பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். அன்றைக்கு ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள், தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. சொன்னவர்களில் பலர் கேட்டது, "உங்க எல்லோரோட சப்போர்ட்டும் வேணும்" என்பதை மட்டும்தான்.

விடியற்காலையில் எழுந்து, குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, காசு கட்டி வந்து உட்கார்ந்தவர்கள் இவர்கள். அந்த ஒரு நிமிடம் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அன்று கூட்டம் முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்தார். ஏர் கம்ப்ரஸர் சர்வீஸ் செய்பவர். பல வருடம் ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். "நாலு மாசமா வர்றேன் சார், ஒரு என்கொயரிகூட வரல" என்றார். அவர் பேசியது ஏறக்குறைய இதுதான்:

"நாங்க ஏர் கம்ப்ரஸர் சேல்ஸ், சர்வீஸ், ஸ்பேர்ஸ், ஆண்டுப் பராமரிப்பு, ஏர் டிரையர், பைப்லைன் வேலை, எனர்ஜி ஆடிட் எல்லாம் பண்றோம். மில்லு, ஃபவுண்டரி, ஒர்க்‌ஷாப், ஆஸ்பத்திரி, ஓட்டல், எல்லாத் தொழிலுக்கும் பண்றோம். தரம்தான் எங்க தாரக மந்திரம்..." இங்கே மணி அடித்தது.

யாருக்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் எனக்கு முன்பே தெரியும். "கம்ப்ரஸர் வெச்சிருக்கற எல்லோருமே என் கஸ்டமர்தான் சார்."

இந்த ஒரு பதிலைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஜவுளிக்காரர் சொல்கிறார், காப்பீட்டு முகவர் சொல்கிறார், வெப்சைட் செய்பவர் சொல்கிறார். எல்லோரும் இப்படி நம்புவதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பேசிவிடுகிறேன்.

அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் வாங்க வந்தவர் அல்ல. அவரும் உங்களைப் போலவே விற்க வந்தவர். ஒருவர் ஆடிட்டர், ஒருவர் கேட்டரிங், ஒருவர் லாரி டிரான்ஸ்போர்ட். இவர்களில் யார் வீட்டிலும் கம்ப்ரஸர் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் பல நூறு பேரைத் தெரியும். அந்தப் பல நூறு பேரில் ஒருவருடைய முகம் அவர் மனதில் வர வேண்டும். அதற்காகத்தான் நீங்கள் பேசுகிறீர்கள்.

சரி, "எல்லாத் தொழிலுக்கும் பண்றோம்" என்று கேட்டால் யார் முகம் வரும்? யார் முகமும் வராது. ஒரு கல்யாண வீட்டில் நின்று "யாராவது வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஒருவரும் திரும்ப மாட்டார்கள். "பச்சை சட்டை போட்ட அண்ணா, கொஞ்சம் வாங்க" என்றால் அவரும் திரும்புவார், அவர் பக்கத்தில் நிற்பவரும் அவரைத் தட்டிச் சொல்வார். அந்தப் பக்கத்தில் நிற்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். அவர் தட்டிச் சொல்ல வேண்டுமென்றால் சட்டையின் நிறத்தை நீங்கள் சொல்லியாக வேண்டும்.

"அப்படிச் சுருக்கிட்டா மத்த வேலையெல்லாம் போயிருமே" என்று உடனே பயம் வரும். அவருக்கும் வந்தது. போகாது. நீங்கள் சுருக்குவது அந்த ஒரு நிமிடப் பேச்சை மட்டும்தான், தொழிலை அல்ல. ஒர்க்‌ஷாப் ஒன்றின் கதவு திறந்தால், உள்ளே போன பிறகு ஸ்பேர்ஸும் பராமரிப்பும் தானாகப் பேச்சில் வரும். கதவு திறப்பதற்கு முன்பே சாமான் பட்டியலை வாசித்தால் கேட்பவருக்கு ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை.

அப்புறம் நானும் அவரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதினோம். முதலில் எழுதச் சொன்னது கடைசி வரியை: யாரிடம், என்ன கேட்கப் போகிறீர்கள்? "வேலை வேணும்" என்றார். அது ஆசை. கேட்கிறவர் நாளைக்கே ஒரு போன் போட்டு முடித்துவிடக் கூடியதாகக் கேளுங்கள் என்றேன். நீண்ட நேரம் யோசித்தார். பிறகு, மதிய உணவு நேரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குள் விட்டால் காற்றுக் கசிவை அளந்து காட்ட முடியும் என்றார். அதற்குத் தனிக் கருவிகூட வேண்டியதில்லையாம். எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் லோடில், அதாவது காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டு ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில், அதாவது காற்றை அனுப்பாமல் சும்மா இருக்கிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தால் போதும். ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் அன்லோடு என்று மாறி மாறி வந்தால், ஆறு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம், அதாவது அந்தக் கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் 25 சதவீதம் கசிவுக்கே போகிறது. மெஷின்கள் ஓடும்போதும் அந்தக் கசிவு நிற்பதில்லை. இவ்வளவு அருமையான விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு மாதமாகத் தாரக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேட்க வேண்டியது தெரிந்ததும் வாடிக்கையாளர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. மதியம் மொத்தமாக மெஷினை நிறுத்துகிற இடமாக இருக்க வேண்டும். மூன்று ஷிப்ட் ஓடும் மில் சரிப்படாது. கசிவை அடைத்தால் கரண்ட் பில்லில் தெரியும் அளவுக்குக் கம்ப்ரஸர் பெரியதாகவும் இருக்க வேண்டும். ஆக, 20 எச்.பி.க்கு மேல் கம்ப்ரஸர் ஓட்டும் சி.என்.சி. ஒர்க்‌ஷாப்கள். கடைசியில் அவர் பேசியது இது:

"20 எச்.பி.க்கு மேல கம்ப்ரஸர் ஓட்டற சி.என்.சி. ஒர்க்‌ஷாப்புகளுக்கு வேலை செய்யறேனுங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல அங்க போய்ப் பாருங்க. மெஷின் எல்லாம் நின்னிருக்கும். கம்ப்ரஸர் மட்டும் அஞ்சாறு நிமிஷத்துக்கு ஒருக்கா சத்தம் போட்டு ஓடும். யாரும் காத்தைப் பயன்படுத்தல, அப்புறம் எதுக்கு ஓடுது? ஓஸ்ல, கப்ளர்ல, பைப் ஜாயின்ட்டுல கசியற காத்துக்காக ஓடுது. போன மாசம் ஒரு இடத்துல அளந்தேன், கம்ப்ரஸர் தர்ற காத்துல நாலுல ஒரு பங்கு கசிவு. அதுக்கும் சேர்த்து ஈ.பி. பில் கட்டிட்டிருந்தாங்க. நான் கசிவை அளந்து, ஒவ்வொரு இடத்துலயும் டேக் கட்டி, அடைச்சு, மறுபடி அளந்து காட்டுவேன். இன்னிக்கு ஒரே ஒரு உதவி கேக்கறேன். இப்படி ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கற ஒருத்தரை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவர்கிட்ட என்னைப் பேச வைங்க. ஒரு சாப்பாட்டு நேரம் போதும், அளந்து எழுதிக் கொடுத்துடறேன். அதுக்குக் காசு வேண்டாம்."

முன்னும் பின்னும் பேரைச் சொன்னால் அறுபது நொடிக்குள் அடங்குகிறது. நான் கவனித்த வரையில், நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் தொண்ணூறு முதல் நூறு தமிழ்ச் சொற்கள்தான் போகும். நூற்றைம்பது சொல் எழுதிக்கொண்டு வந்து வேகமாக ஒப்பித்தால் பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது.

இதில் எது இல்லை என்பதையும் பாருங்கள். எந்த வருடம் தொடங்கினார், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எதுவும் இல்லை. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸராக இருந்தால் இந்த லோடு, அன்லோடு கணக்கு வராது, வேறு மாதிரி அளக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். உண்மைதான், ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். "கரண்ட் பில் பாதியாகும்" என்று போடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். ஒரு இடத்தில் அளந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள், அளக்காததைச் சொல்லாதீர்கள். அந்த அறையில் ஆடிட்டர் இருக்கிறார், பொய் தெரிந்துவிடும்.

பேசி முடித்த பிறகு அது வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், "நான் யாரைத் தேடறேன்னு புரிஞ்சுதுங்களா?" என்று கேளுங்கள். "நல்லாப் பேசுனீங்க" என்று பதில் வந்தால் புரியவில்லை என்று அர்த்தம். போய்த் திருத்துங்கள். "எங்க மச்சான் கணபதியில ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கார், அவருக்கு ஆகுமா?" என்று வந்தால் சரி.

நேற்று அவர் இதைப் பேசினார். இரண்டு பேர் நம்பர் கொடுத்தார்கள். முதலில் எழுந்து வந்தவர், ஒர்க்‌ஷாப்களுக்கு மதியச் சாப்பாடு சப்ளை செய்யும் கேட்டரிங்காரர். "நான் சாப்பாடு இறக்கும்போது தினமும் அந்தச் சத்தம் கேக்குதுங்க, எதுக்குன்னு தெரியாம இருந்தேன்" என்றார். கம்ப்ரஸரைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர். அவர் காதில் விழுந்த ஒரு சத்தத்தைச் சொன்னதால் இடம் பிடிபட்டுவிட்டது. பிரச்சினையைச் சொல்லும்போது 'எனர்ஜி லாஸ்' என்று சொல்லாமல், கண்ணில் படுவதை, காதில் விழுவதைச் சொல்லுங்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

அந்த இரண்டு நம்பரும் வேலையாக மாறுமா என்பது இனிமேல்தான் தெரியும். ஒரு நிமிடத்தில் யாரும் எதையும் விற்றுவிட முடியாது, விலையை அங்கே பேசவும் வேண்டாம். ஆனால் நம்பர் கொடுத்தவரை அன்றைக்கே கூப்பிட்டு, "உங்க பேரைச் சொல்லிப் பேசலாமுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டால் அவருக்கே மறந்திருக்கும், அடுத்த முறை கொடுக்கத் தயங்குவார்.

தயவுசெய்து போனைப் பார்த்துப் படிக்காதீர்கள். தலை குனிந்தால் குரலும் குனிந்துவிடுகிறது. வீட்டில் ஒருவரை உட்கார வைத்துக் கடிகாரத்தோடு நாலு தடவை சொல்லிப் பாருங்கள். வாடிக்கையாளரை வாரத்துக்கு ஒருவராக மாற்றவும் வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் அதே ஒர்க்‌ஷாப்காரரைச் சொல்லி, கேட்பதை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். இந்த வாரம் கணபதி, அடுத்த வாரம் குறிச்சி சிட்கோ. கம்ப்ரஸர்காரர் அடுத்த வியாழனுக்கு அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். "மில்லையும் ஒரு வரி சேர்த்துக்கட்டுங்களா சார்?" என்று இன்று காலையும் போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.