பாதீட்டில் காணாமல் போன 45,000 ரூபாய்

மூதூர்ப் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று, கருவாடு உலர்த்தும் கொட்டகைக்கு மானியம் கேட்டு எழுதிய முன்மொழிவு மூன்று தடவை திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் கிண்ணியா வழியாகப் பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “கணக்குப் பிழை, திருத்திக்கொண்டு வாருங்கள்.” எங்கே பிழை என்று சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

கிராமச் சங்கங்களுக்கு மானியம் தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளைக் கேட்கின்றன. ஒன்று, என்ன செய்யப் போகிறோம் என்ற விவரணம். மற்றது பாதீட்டு அட்டவணை. இரண்டிலும் மொத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். அவர்கள் முதலில் கொடுத்த தாள்களில் மூன்று மொத்தங்கள் இருந்தன. விவரணத்தில் “கோரும் தொகை 750,000”, முதற்பக்கத்தில் “திட்டச் செலவு 825,000”, அட்டவணையின் அடியில் 705,000.

அட்டவணையை வரிவரியாகக் கூட்டிப் பார்த்தேன். உலர்த்தும் தட்டு 40, ஒன்று 4,500 வீதம் 180,000. கொட்டகைக்கு மரமும் தகரமும் 320,000. தராசு இரண்டு 70,000. பொதி ஒட்டும் இயந்திரம் 60,000. மூன்று நாள் பயிற்சி 75,000. போக்குவரத்து 45,000. கூட்டினால் 750,000. வரிகள் சரி, அடியில் இருந்த மொத்தம்தான் பிழை. போக்குவரத்தைப் பிறகு நினைவு வந்து கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டற் சூத்திரம் பழைய எல்லையிலேயே நின்றுவிட்டது:

```
=SUM(E2:E6)
=SUM(E2:E7)
```

மேலே இருப்பது அவர்களிடம் இருந்தது, கீழே இருப்பது இருக்க வேண்டியது. அலுவலகத்தில் ஒருவர் 705-ஐயும் 750-ஐயும் பார்த்துவிட்டு, இலக்கம் இடம் மாறிவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார். கணக்காளர்களுக்குப் பழக்கமான சோதனை ஒன்று உண்டு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்களை மாற்றி எழுதியிருக்கலாம். 45,000 ஒன்பதால் வகுபடும். ஆனால் இங்கே அது தற்செயல். அந்த ஊகத்தை நம்பி அட்டவணையின் அடியில் 750,000 என்று கையால் தட்டச்சுச் செய்தார்கள். சூத்திரம் அழிந்தது. அடுத்த முறை தட்டின் விலை மாறியபோது மொத்தம் அசையவேயில்லை. மறுபடியும் “கணக்குப் பிழை”.

825,000 வேறு கதை. சங்கம் தன் பங்களிப்பாக 75,000 ரூபாய் பெறுமதியான உடலுழைப்பைத் தருவதாக விவரணத்தில் எழுதியிருந்தது. அட்டவணையில் அதற்கு வரியே இல்லை. வாசிப்பவருக்கு அது எங்கிருந்தோ வந்த பணம். அட்டவணையில் “கோரும் தொகை”, “சங்கத்தின் பங்களிப்பு” என்று இரண்டு நிரல்கள் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இதைவிடக் கொடிய பொறி தகுதி நிபந்தனையில் இருந்தது. “மொத்தத் திட்டச் செலவில் 10 வீதம் சொந்தப் பங்களிப்பு” என்பது விதி. சங்கத்தார் கோரும் 750,000-இல் பத்து வீதம் கண்டு 75,000 என்று எழுதினார்கள். மொத்தமோ 825,000. அதில் 75,000 என்பது ஏறக்குறைய 9.1 வீதம்தான். 750,000-ஐ 0.9-ஆல் வகுத்தால் மொத்தம் 833,333 வரும். பங்களிப்பு 83,333 ஆக இருக்க வேண்டும். எட்டாயிரத்துச் சொச்சம் உழைப்புப் பெறுமதி குறைந்ததற்காகத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டிருப்பார்கள். அதை யாரும் விளக்கியிருக்கவும் மாட்டார்கள். நாங்கள் 84,000 என்று போட்டோம். மொத்தம் 834,000.

அத்துடன் வேலை முடியவில்லை. பழைய 825,000 கூட்டக் குறிப்பில் தீர்மானமாகவும், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசுக் கடிதத்திலும் இருந்தது. அட்டவணையை மட்டும் திருத்தி அனுப்பினால் இந்தக் கடிதங்களே நமக்கு எதிரான சாட்சி. மறுபடி கூட்டம் கூட்டி, மறுபடி கையொப்பம் வாங்கினார்கள். அதற்குள் விலைமனுக்களின் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே சிபாரிசுக் கடிதத்தில் தொகையே எழுதாமல் திட்டத்தின் பெயரை மட்டும் எழுதித் தரும்படி முதலிலேயே கேளுங்கள். தொகை கட்டாயம் என்றால், அட்டவணை முடிந்த பிறகு கடிதம் வாங்குங்கள்.

விலைமனுவில் “வற் நீங்கலாக” என்ற சிறிய எழுத்தையும் பாருங்கள். வற் வரி 18 வீதம். இரண்டு தராசின் விலையான 70,000 வரி நீங்கலானது என்றால், கடைக்குக் கொடுக்க வேண்டியது 82,600.

மானியம் தரும் அலுவலகத்தில் சிலர், “பரவாயில்லை, குறைந்த தொகையையே போட்டுத் தருகிறோம்” என்பார்கள். கருணை போலத் தோன்றும். 705,000-க்கு ஒப்பந்தம் போட்டால், விவரணத்தில் எழுதிய வேலை முழுவதையும் அந்தத் தொகைக்குள் செய்ய வேண்டும். லொறிக் கூலி சங்கத்துப் பெண்களின் கையிலிருந்து போகும். ஒப்பந்தத்துக்குப் பிறகு தொகையைக் கூட்டுவது மிகக் கடினம்.

விளக்கம் கேட்டுத் தொலைபேசி வந்தால் வாயால் ஓர் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். கேள்வியை எழுத்தில் கேளுங்கள். எந்த வரி, எந்தப் பக்கம், பழைய எண் எது, புதிய எண் எது என்று ஒரே கடிதத்தில் எழுதி, திருத்திய அட்டவணையை இணைத்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை விழும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.