குளிரில் ஓட்டலாம், குளிரில் சார்ஜ் போடக் கூடாது

இந்த மாதத்தில் இப்படி என் மேசைக்கு வரும் நான்காவது பேட்டரி இது. மின் ஸ்கூட்டரிலிருந்து கழற்றி எடுத்த அதை மேசையில் வைத்துவிட்டு ஸ்கூட்டர்காரர் சொன்னார்: "குளிர்காலத்துல ரேஞ்ச் குறையும்னு எல்லாரும் சொன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். இப்ப வெயில் வந்து ஒரு மாசம் ஆச்சு, பழைய ரேஞ்ச் இன்னும் வரலையே சார்?"

எங்கே வைத்து சார்ஜ் போட்டீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு வெளியே கொட்டகையில், இரவு முழுக்க. இரவில் அங்கே எவ்வளவு குளிர் இருக்கும்? மைனஸ் 5, மைனஸ் 6 டிகிரி. ஏன் வெளியே? "சார்ஜ் ஏறும்போது சூடாகும், சூடு பேட்டரிக்கு ஆகாதுன்னு படிச்சேன். அதான் குளிர்ச்சியான இடமா பார்த்து வெச்சேன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சூடு கெடுதல், எனவே குளிர் நல்லது என்று ஒரு கணக்கு. இதே கணக்கில்தான் சிலர் சூடான போனை ஃபிரீசரில் வைக்கிறார்கள். உப்பு கூடினால் கெடுதல் என்பதற்காக யாரும் உப்பே இல்லாமல் சமைப்பதில்லை. பேட்டரி என்று வந்தால் மட்டும் அந்த நிதானம் போய்விடுகிறது. லித்தியம் செல்லுக்கு அதன் தயாரிப்பாளர் தரும் தாளை எடுத்துப் பாருங்கள். வெப்பநிலைக்கு இரண்டு தனித்தனி வரிகள் இருக்கும். பெரும்பாலான செல்களுக்கு, சார்ஜ் இறங்கும்போது மைனஸ் 20 முதல் 60 டிகிரி வரை. சார்ஜ் ஏறும்போது 0 முதல் 45 டிகிரி வரை. அச்சுப் பிழையில்லை. குளிரில் பேட்டரியைப் பயன்படுத்துவது ஒரு விஷயம், குளிரில் அதற்கு சார்ஜ் ஏற்றுவது முற்றிலும் வேறு விஷயம்.

முதலாவது, பெரும்பாலும் தற்காலிகச் சங்கடம். குளிரில் செல்லுக்குள் இருக்கும் திரவம் கெட்டிப்படும், அயனிகள் மெதுவாக நகரும், உள்மின்தடை கூடும். அதனால்தான் 30 சதவீதம் காட்டிய போன், வெளியே எடுத்துக் கேமராவைத் திறந்ததும் பொட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜ் எங்கும் போய்விடவில்லை. கேமரா ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுத்தபோது வோல்டேஜ் சட்டென்று சரிந்தது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்தது, அவ்வளவுதான். சட்டைக்குள் வைத்து உடல் சூட்டில் கதகதப்பாக்கினால் பழைய 30 சதவீதத்தோடு எழுந்து உட்காரும். இதற்காகப் புது பேட்டரி மாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

காரின் ரேஞ்ச் குறைவதில் பேட்டரியின் பங்கைவிட ஹீட்டரின் பங்கு பெரிது. 2019-ல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ., சுமார் மைனஸ் 7 டிகிரியில் ஐந்து மின்கார்களைச் சோதித்தது. ஹீட்டர் போடாமல் ஓட்டியபோது ரேஞ்ச் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. போட்டு ஓட்டியபோது 41 சதவீதம். பெட்ரோல் என்ஜினில் வீணாகும் சூடே காருக்குள் இருப்பவர்களுக்குப் போதும். மின்காரில் வீணாகும் சூடு குறைவு, எனவே பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எல்லோரும் தவறவிடுவது வேகத்தின் கணக்கை. ஹீட்டர் மணிக்கு 3 யூனிட் எடுக்கிறது என்று வையுங்கள். நெரிசலில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் 100 கிலோமீட்டருக்கு 10 யூனிட் ஹீட்டருக்கே போய்விடும். அதே ஹீட்டர், மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும்போது 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். ஓடுவதற்கு மட்டும் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் கேட்கும் காரில் 60 யூனிட் பேட்டரி இருந்தால், நெரிசலில் 375 கிலோமீட்டர் 230 ஆகிவிடும். "பக்கத்துலதான் போய்ட்டு வந்தேன், இவ்வளவு குறைஞ்சிடுச்சு" என்ற புகாருக்கு விடை இதுதான். பக்கத்தில் மட்டுமே போய்வருவதால்தான் குறைகிறது. இருக்கையைச் சூடாக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறையுங்கள். அது 100 வாட் அளவில்கூட முடிந்துவிடும். கிளம்பும் முன், சார்ஜர் இணைப்பிலேயே இருக்கும்போது, காரைச் சூடாக்கிவிடுங்கள். அந்த மின்சாரம் சுவரிலிருந்து வரும், பேட்டரியிலிருந்து அல்ல.

ரேஞ்ச் கதை இத்தோடு போதும். வெயில் வந்தால் அது திரும்பி வந்துவிடும். நம் ஸ்கூட்டர்காரருக்கு ஏன் திரும்பவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின் பக்கம் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார வேண்டும். குளிரில் அந்தப் புகுதல் மிக மெதுவாக நடக்கும். இறுகிப்போன மண்ணில் மழை பெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். தூறலாக இருந்தால் மெல்ல மெல்ல ஊறிவிடும். கொட்டினால் ஊறாமல் மேலேயே தேங்கிவிடும். உள்ளே போக முடியாத லித்தியமும் அப்படித்தான் கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படிகிறது. படிந்ததில் ஒரு பகுதி, பேட்டரி பயன்படும்போது திரும்பக் கரைந்துவிடும். மீதி அந்தத் திரவத்தோடு வினைபுரிந்து ஒன்றுக்கும் உதவாமல் செத்துப்போகும். அந்த லித்தியம் திரும்பி வராது. கோடை வந்தாலும் வராது. படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால், உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் இருக்கிறது.

இவருடைய பேட்டரி 30 ஆம்பியர் மணி. கூட வந்த சார்ஜர் 6 ஆம்பியர். "மெதுவா ஏறுது"ன்னு தனியாக 10 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வாங்கியிருக்கிறார். தூறலைக் கொட்டும் மழையாக்கிவிட்டார். தினமும் முழுசாக 100 சதவீதம் வரை ஏற்றியிருக்கிறார்; கிராஃபைட் நிரம்ப நிரம்ப இடம் குறையும், படிவது கூடும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டை, அதாவது பி.எம்.எஸ்.ஸைப் பார்த்தேன். அதிகச் சூடானால் நிறுத்தும் ஏற்பாடு இருந்தது, அதிகக் குளிரில் நிறுத்தும் ஏற்பாடு இல்லை. விலை குறைந்த பேட்டரிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, "0 டிகிரிக்குக் கீழே சார்ஜை இது தானாக நிறுத்துமா?" என்பதுதான். நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

பேட்டரியை ஒரு நாள் முழுக்க 25 டிகிரி அறையில் வைத்து, முழுதாக ஏற்றி, சீராக 6 ஆம்பியர் எடுத்து இறக்கினேன். ஐந்து மணி நேரம் ஓட வேண்டியது மூன்றரை மணி நேரத்தில் நின்றது. 30 போய் 21. கதகதப்பான அறையிலும் 21தான் என்றால் அது குளிரின் சோர்வு அல்ல, நிரந்தர இழப்பு. இந்தச் சோதனையை ஒரு அளவுக்கு நீங்களே செய்யலாம்: ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்த பேட்டரியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி, மிதமான நாளில் ஓட்டிப் பாருங்கள். பழைய தூரம் வந்தால் கவலையில்லை. வராவிட்டால், அல்லது ஏற்றி வைத்த பேட்டரி சும்மா இருக்கும்போதே இறங்கினால், உப்பினால், தயவுசெய்து அதற்கு மறுபடி சார்ஜ் போடாதீர்கள். திறந்தும் பார்க்காதீர்கள்.

சரி, குளிரில் என்னதான் செய்வது? கழற்ற முடிகிற பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வந்ததும் சொருகாதீர்கள். 10 கிலோ பேட்டரியின் வெளிப்பக்கம் சீக்கிரம் சூடாகிவிடும், நடுச் செல்கள் சூடாகச் சில மணி நேரம் ஆகும். போனுக்கு அரை மணி நேரம் போதும். குளிரிலிருந்து வந்ததும் பைக்குள்ளேயே விட்டுவைத்தால் மேலே ஈரம் பூக்காது. கழற்ற முடியாத வண்டியாக இருந்தால், ஓட்டி வந்த கையோடு, கொஞ்சமாவது சூடு இருக்கும்போதே போடுங்கள். விடியற்காலையில் உறைந்து கிடக்கும்போது போடாதீர்கள். பூஜ்ஜியத்துக்கு மேலே ஐந்து டிகிரிதான் என்றாலும் சின்ன சார்ஜரே போதும், 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

காரில் இந்தத் தொல்லையில் பெரும்பகுதியைக் காரே பார்த்துக்கொள்ளும். பேட்டரி குளிர்ந்திருந்தால் முதலில் அதைச் சூடாக்கிவிட்டுத்தான் வேகமாக ஏற்றும். 150 கிலோவாட் சார்ஜரில் 30 மட்டும் காட்டுகிறது என்று சார்ஜரைத் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சார்ஜர் மேல் தப்பில்லை. போகும் சார்ஜிங் நிலையத்தை வழிகாட்டியில் இலக்காகப் போட்டுவிட்டுக் கிளம்பினால், அந்த வசதி உள்ள கார்கள் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை விடும்போது மின்சாரம் திரும்பிச் சேர்வதும் காலையில் குறைவாகவே இருக்கும். அதுவும் ஒரு வகை சார்ஜ்தானே, அதனால் கார் அதையும் கட்டுப்படுத்துகிறது. முதல் சில கிலோமீட்டருக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள், வழக்கம்போல வேகம் தானாகக் குறையாது.

போனோ ஸ்கூட்டரோ குளிரில் சார்ஜ் ஏற மறுத்தால் அது பழுது அல்ல. அதை ஏமாற்ற வேண்டாம். ஒருவர் பேட்டரியின் வெப்பநிலை உணர்வியின் மேல் மட்டும் ஹேர் டிரையரைக் காட்டி ஏற்றியதாகப் பெருமையாகச் சொன்னார். சர்க்யூட்டுக்கு 15 டிகிரி என்று தெரிந்தது; செல்களுக்கு மைனஸ் 4தான்.

ஸ்கூட்டர்காரர் புது பேட்டரி வாங்கிக்கொண்டார், இந்த முறை அந்தக் கேள்வியைக் கேட்டு. வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்து, "அவசரத்துக்கு ஹீட்டர் பக்கத்துல வெச்சு சூடாக்கிக்கலாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்திருக்கும் பேட்டரி ஐந்தாவதாக இந்த மேசைக்கு வர வேண்டாம்.