பதிப்பு எண் பழசு, ஓட்டை அடைபட்டாச்சு

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2024 ஜூலை 1 அன்று ஒரு பெரிய ஓட்டை அம்பலமானது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியிலிருந்து சர்வரின் ரூட் அதிகாரத்தைப் பிடிக்க அது வழிவிட்டது. அன்றே 9.8 பதிப்பு வந்தது. அதை லினக்ஸ் குடும்பங்கள் எப்படி எடுத்துக்கொண்டன என்பதைப் பார்த்தாலே, சர்வருக்கு எதைப் போடலாம் என்பது விளங்கும்.

ஆர்ச் ரோலிங் வகை. மூலத்தில் எது வந்தாலும் அது அப்படியே இறங்கும், 9.8-உம் உடனே இறங்கியது. ஆனால் அந்தப் பதிப்பில் ஓட்டையை அடைத்ததோடு நிற்கவில்லை. சர்வரில் இணைப்புகளை ஏற்கும் `sshd`-ஐயே இரண்டு நிரல்களாகப் பிரித்திருந்தார்கள். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது பழைய நிரல், வட்டில் இருந்தது புதியது. புதிய இணைப்பு வரும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை. அப்டேட் முடிந்த கையோடு `sshd`-ஐ மறுதொடக்கம் செய்யுங்கள் என்று ஆர்ச் அன்றே அறிவித்தது. அதைப் படிக்காமல் அப்டேட் செய்துவிட்டு டெர்மினலை மூடியவருக்கு, தொலைவில் இருக்கும் தன் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியே திரும்ப நுழைய முடியாது.

டெபியன் 12-இல் இருந்தது 9.2. அது 9.2-ஆகவே இருந்தது. கோளாறுக்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிரலுக்குள் பொருத்தினார்கள். இதை பேக்போர்ட் என்பார்கள். மாறியது எண்ணின் வால் மட்டும்: `1:9.2p1-2+deb12u3`. அமைப்புக் கோப்பில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. உபுண்டு 22.04 தன் 8.9-க்கும், ரெட் ஹாட் 9 தன் 8.7-க்கும் இதையேதான் செய்தன. தொகுப்புகளை நிறுவ ஒன்றில் `apt`, இன்னொன்றில் `dnf` என்பது கைப்பழக்கம்தான். சர்வரின் நிம்மதியைத் தீர்மானிப்பது இந்த பேக்போர்ட் உழைப்பு. டெபியன் 11-க்கு அந்த வேலையும் இல்லை. ஓட்டை 8.5-இல்தான் நுழைந்தது, அதில் இருந்ததோ 8.4.

இதில் ஒரு குழப்பம் உண்டு. 9.2 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் பாதுகாப்பு ஸ்கேனர், அடைத்த ஓட்டையையும் திறந்திருப்பதாகவே சொல்லும். பதறிப்போய் மூலத்திலிருந்து 9.8-ஐக் கம்பைல் செய்து போட்டுவிடாதீர்கள். அதன்பின் அந்த நிரலுக்கு `apt` எந்தத் திருத்தமும் கொண்டுவராது. இந்த ஓட்டையின் அடையாள எண் CVE-2024-6387. முதலில் இதைப் பாருங்கள்:

```
apt changelog openssh-server | grep -E '^openssh|CVE-2024-6387' | grep -B1 CVE-2024-6387
```

அந்த எண்ணுள்ள வரி வந்தால், திருத்தம் வெளியாகிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் வரியில் இருக்கும் பதிப்பும் `dpkg -l openssh-server` காட்டும் பதிப்பும் ஒன்றாகவோ, நிறுவியிருப்பது அதைவிடப் புதியதாகவோ இருந்தால் போதும்.

ரோலிங்கை நான் குறை சொல்லவில்லை. என் மடிக்கணினிக்கு அதுதான் பிடிக்கும். சர்வரில் புதிய பிஎச்பி வேண்டுமென்றால் அதை மட்டும் கன்டெய்னரில் ஓட்டலாம். அடித்தளம் அசைய வேண்டியதில்லை.

இப்படி நீண்ட காலம் திருத்தம் தரும் எல்டிஎஸ்ஸுக்கும் எல்லை உண்டு. டெபியனுக்கு மொத்தம் ஐந்து ஆண்டுகள், ரெட் ஹாட்டுக்குப் பத்து. உபுண்டுவின் ஐந்தாண்டு உறுதி `main`, `restricted` களஞ்சியங்களின் தொகுப்புகளுக்கு மட்டுமே. `universe`-இல் இருந்து எடுத்தவற்றுக்கு உபுண்டு ப்ரோ தேவைப்படும். உங்கள் சர்வரில் எத்தனை தொகுப்புகள் எந்தப் பக்கம் என்பதை `pro security-status` எண்ணிக் காட்டும்.