சிறு அளவு போதை வழக்கு: சிறையா, சிகிச்சையா என்பதைத் தீர்மானிக்கும் மருத்துவ அறிக்கை

நீதிமன்றத்திலிருந்து மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் வருகிறது. ‘இந்த நபர் போதைக்கு அடிமையானவரா? சிகிச்சை தேவையா?’ என்று அதில் கேட்டிருக்கும். ஆளைக் கூட்டி வந்த உறவினர் கையில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு ஒன்று இருக்கும். ‘பாசிட்டிவ் வந்திருக்கு, இது போதும்ல டாக்டர்?’ என்பார். போதாது. ஏன் போதாது, எது போதும் என்று தெரியாததால்தான் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டிய பலர் தண்டனை பெறுகிறார்கள்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்டிபிஎஸ் சட்டம், போதைப்பொருளைச் சார்ந்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டவரைத்தான் ‘அடிமை’ என்கிறது. பயன்படுத்தியவர் எல்லாரும் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். அதற்குள் வருபவருக்கு அந்தச் சட்டத்திலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பிரிவு 64-ஏ. உட்கொண்டதற்காகப் பிரிவு 27-இன் கீழோ, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். இரண்டாவது வழி பிரிவு 39. இது குற்றம் நிரூபணமான பிறகு வருவது. வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, தண்டனை விதிக்காமல், அவருடைய சம்மதத்துடன், பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலன் குறித்த அறிக்கை நீதிமன்றத்துக்கு வரவேண்டும். திருப்தியாக இருந்தால், கண்டித்து, மூன்றாண்டு வரை போதைக் குற்றம் எதிலும் ஈடுபடமாட்டேன் என்ற இன்னொரு பிணைமுறியுடன் விடுவிக்கலாம். குற்றவாளி என்ற தீர்ப்பு வராமலே தப்ப வேண்டுமென்றால் 64-ஏ மனுவை முன்னதாகவே போட வேண்டும். பல குடும்பங்களுக்கு இது தெரிய வருவதே தீர்ப்புக்குப் பிறகுதான்.

கையிருப்பு வழக்கில் இரண்டுக்குமே எடைதான் வாசல். கஞ்சாவுக்கு 1 கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம், மெத்தாம்ஃபெட்டமினுக்கு 2 கிராம் வரை சிறு அளவு. கலப்படப் பொடியானால் அதிலுள்ள சுத்தமான ஹெராயினை மட்டும் எடுத்துக் கணக்கிட முடியாது. மொத்தக் கலவையின் எடையே கணக்கு என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரவுன் சுகர் பொட்டலத்தில் பெரும்பகுதி கலப்படமாகவே இருந்தாலும் 6 கிராம் 6 கிராம்தான். எல்லையைத் தாண்டிய வழக்கில் எவ்வளவு தீவிரமான அடிமைக்கும் இந்த இரண்டு பிரிவுகளும் கைகொடுக்காது. ஆகவே முதலில் பறிமுதல் மகஜரில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள்.

இனி மதிப்பீடு. சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றை மட்டுமே சொல்லும்: அண்மையில் அந்தப் பொருள் உடலுக்குள் போயிருக்கிறது. தினமும் அதிகமாகக் கஞ்சா புகைப்பவருக்கு நிறுத்தி ஒரு மாதம் கழித்தும் பாசிட்டிவ் வரலாம். என்றோ ஒருமுறை புகைத்தவருக்கும் மூன்று நாள் வரை வரலாம். முடிவுச் சீட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மறுபக்கம், ஹெராயின் இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். டிரமடால், டேபெண்டடால் போன்ற வலி மாத்திரைகளை, அபின் வகைப் பொருட்களைக் காட்டும் சாதாரண ஓபியேட் சோதனைப் பட்டை பிடிப்பதே இல்லை. தினம் பத்து மாத்திரை போடுபவர் ‘நெகட்டிவ்’ சீட்டோடு வந்து நிற்பார். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கோ ‘பாசிட்டிவ்’ வரும். பட்டைச் சோதனை சந்தேகத்தைக் கிளப்பலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது.

போதைச் சார்பு என்று மருத்துவர் எழுத, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10 ஆறு அடையாளங்களைத் தருகிறது. அடக்க முடியாத ஏக்கம். எப்போது தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போய்விடுவது. நிறுத்தினால் விலகல் அறிகுறிகள். அதே போதைக்கு முன்பைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது. மற்ற வேலைகளும் விருப்பங்களும் ஒதுங்கிப்போய் நாள் முழுக்கப் போதையைச் சுற்றியே ஓடுவது. கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. கடந்த ஓராண்டில் இவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து இருந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். 24 வயது இளைஞர், 3 கிராம் பிரவுன் சுகருடன் அதிகாலையில் பிடிபடுகிறார். கடைசியாக இழுத்தது முந்தைய நாள் இரவு 11 மணிக்கு. மாலை 5 மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது 18 மணி நேரம் ஆகியிருக்கிறது. ஹெராயின் விலகல் 8 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். நாடித்துடிப்பு 104. நெற்றியில் வியர்வைத் துளிகள். அறை வெளிச்சமாக இருந்தும் கண்மணி விரிந்திருக்கிறது. கையைத் தடவினால் மயிர்க்கூச்செறிந்த தோல் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறது. மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவி விடுகிறார், எலும்பெல்லாம் வலிக்கிறது என்கிறார். இப்படிப் பதினோரு அம்சங்களுக்கு மதிப்பெண் போடும் ‘கவ்ஸ்’ அளவுகோலில் அவருக்கு 22 வருகிறது. 13 முதல் 24 வரை மிதமான விலகல். வலி, குமட்டல், பதற்றம் இவற்றையெல்லாம் நடித்துக் காட்ட முடியும். கண்மணியையும் மயிர்க்கூச்சையும் யாராலும் நடிக்க முடியாது. வழக்கிலிருந்து தப்பிக்க ‘நான் அடிமை’ என்று சொல்பவரையும் உண்மையிலேயே தவிப்பவரையும் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டும்தான்.

பிறகு வரலாறு கேட்கிறோம். இரண்டு வருடம் முன்பு நாளுக்கு ஒரு பொட்டலம், இப்போது ஐந்து. காலையில் கண் விழித்ததும் முதல் இழுப்பு இல்லாவிட்டால் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியவில்லை. வேலை போய்விட்டது. இரண்டு முறை தானாக நிறுத்திப் பார்த்து மூன்றாம் நாளே திரும்பியிருக்கிறார். அம்மாவிடம் தனியாகக் கேட்டபோதும் அதே சித்திரம் கிடைக்கிறது. ஆறில் மூன்று போதும். இவருக்கு விலகல், கூடுதல் தேவை, கட்டுப்பாடின்மை, வாழ்க்கை சுருங்கியது என நான்கு தெளிவாக இருக்கின்றன. அறிக்கையில் ‘போதை அடிமை’ என்று ஒற்றை வரி எழுதக் கூடாது. எந்தெந்த அடையாளம் எந்த ஆதாரத்தால் உறுதியானது, பரிசோதித்த தேதி, நேரம், கடைசிப் பயன்பாட்டிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் வேண்டும். ஒற்றை வரி அறிக்கையை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்.

இதே இளைஞரை இருபது நாள் ரிமாண்டுக்குப் பிறகு பார்த்தால் கவ்ஸ் மதிப்பெண் கிட்டத்தட்டப் பூஜ்யமாகத்தான் இருக்கும். அதற்காக அவர் அடிமை இல்லை என்றாகாது. சாட்சி கரைந்துபோயிற்று, அவ்வளவுதான். அப்போது கைகொடுப்பவை கைதானவுடன் அரசு மருத்துவர் எழுதிய குறிப்பு, சிறை மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவு, பழைய சிகிச்சைச் சீட்டுகள். கைதான அன்றே மருத்துவரிடம் ‘வாந்தி, வியர்வை, கடைசியாக எடுத்தது இத்தனை மணிக்கு’ என்று சொல்லிப் பதிவு செய்ய வைப்பது குடும்பமும் வழக்கறிஞரும் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரு வேலை. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்த்துப் பழகியவர் என்றால் இதைச் சொல்லாமல் விடுவது ஆபத்தும்கூட. திடீரென நின்றால் வலிப்பு வரலாம்.

எதிர் உதாரணமும் வேண்டும். 20 வயது மாணவர், 40 கிராம் கஞ்சா, ஆறு மாதமாக மாதம் ஓரிரு முறை நண்பர்களோடு. சிறுநீர் பாசிட்டிவ். படிப்பு கெடவில்லை, ஏக்கம் இல்லை, நிறுத்தினால் தூக்கக் குறைவோ எரிச்சலோ இல்லை. இவர் அடிமை அல்லர். ‘கொஞ்சம் எழுதிக் கொடுத்துடுங்க, பையன் வாழ்க்கை’ என்று கெஞ்சுவார்கள். அந்தப் பதைப்பு புரிகிறது. ஆனாலும் எழுதக் கூடாது. பொய் என்பது ஒரு பக்கம். தேவையில்லாத சிகிச்சைக்குள் தள்ளப்பட்டு, அதை முடிக்காமல் வெளியேறி, பாதுகாப்பை இழக்கும் அபாயமும் இப்படிப்பட்டவர்களுக்கு உண்டு. இவருக்கு வேறு வழி உண்டு. சிறு அளவுக் குற்றங்களுக்கு அபராதம் மட்டும் விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வழக்கு பிரிவு 27-இன் கீழ் மட்டும் என்றால், நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கவும் என்டிபிஎஸ் பிரிவு 33 இடம் தருகிறது. கையிருப்புக் குற்றத்தில், 18 வயதுக்குக் குறைந்தவர் தவிர மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பது இங்கே வாழ்க்கைப் பிரச்சினை.

சிகிச்சைக்கு அனுப்பிய பிறகுதான் பெரும்பாலான சறுக்கல்கள். முதலாவது, மையம். அங்கீகாரம் இல்லாத ‘மறுவாழ்வு இல்லத்தில்’ ஆறு மாதம் அடைத்து வைத்திருந்தாலும் 64-ஏ அதை ஏற்காது. அங்கீகார ஆணையின் நகலைச் சேர்வதற்கு முன்பே கேட்டு வாங்கி மனுவோடு இணையுங்கள். சொல்லத் தயங்கும் இடம் நல்ல இடமாக இருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, ‘சிகிச்சை முடிந்தது’ என்றால் என்ன என்பது. பத்து நாளில் விலகல் அறிகுறிகள் அடங்கியதும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுத்துவிடுகிறார்கள். அது முதல் படி மட்டுமே. ஹெராயின் போன்ற ஓபியாய்டு சார்புள்ளவருக்கு, விலகலையும் ஏக்கத்தையும் அடக்கும் புப்ரெனார்பின் மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படும். ‘இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாரே, அப்படியானால் குணமாகவில்லையே’ என்ற கேள்வி நீதிமன்றத்தில் வரும். அதனால் திட்டத்தை முதல் அறிக்கையிலேயே விரித்து எழுத வேண்டும்: எத்தனை நாள் உள்நோயாளி, அதன்பின் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருகை, எந்த மருந்து, எவ்வளவு காலம், எதை வைத்து முன்னேற்றம் என்போம். இடையில் ஒரு பாசிட்டிவ் வந்தால் அதை மறைக்காமல், மருந்தளவு கூட்டப்பட்டது, வருகை நெருக்கப்பட்டது என்று சேர்த்து எழுதினால் நீதிபதி அதைச் சிகிச்சையின் பகுதியாகப் பார்க்க முடியும். சட்டம் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள இடம் தருவது சிகிச்சையை முழுமையாகப் பெறாதவரிடமிருந்து. ஒருமுறை சறுக்கியவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது, அறிக்கையில் தேவைக்கு மேல் எழுதுவது. யாரிடம் வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்று நோயாளி சிகிச்சை அறையில் சொன்னதை அறிக்கையில் ஏற்றினால், நுகர்வு வழக்கு விற்பனை வழக்காகத் திரும்பும். அடுத்து வரும் நோயாளி எதையும் சொல்லமாட்டார். நீதிமன்றம் கேட்டது சார்பு இருக்கிறதா, சிகிச்சை தேவையா என்பது. அதற்கு மட்டும் பதில் போதும்.

கடைசியாக, விடுதலைக்குப் பின் வரும் முதல் சில வாரங்கள். சிறையிலோ மையத்திலோ நிறுத்தியிருந்த நாட்களில் உடல் பழக்கத்தை இழந்துவிடும். முன்பு தாங்கிய ஐந்து பொட்டலத்தை இப்போது ஒரே நாளில் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வீட்டாரிடம் இதை நேராகச் சொல்லிவிட வேண்டும்: எழுப்பினால் எழவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால், வழக்கு என்ன ஆகுமோ என்று யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மையம் எங்கே இருக்கிறது என்று கேட்க, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.