அட்வான்ஸ் பணத்தில் கழிவு: நடுவில் யாரை, எப்படிக் கூப்பிடுவது?

ஹட்டனில் வாடகை ஒப்பந்தங்கள் எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணி நான். வீடு காலி பண்ணிய பிறகு அட்வான்ஸ் பணத்தில் எவ்வளவு கழிப்பது என்ற சண்டையோடு என் மேசைக்கு வருகிறவர்களில் பலர், "ஒரு பெரியவரை வைத்துப் பேசிப் பார்த்தோம், சரிவரவில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். விசாரித்தால், பெரியவர்மேல் பிழை இருக்காது. அவரைக் கூப்பிட்ட விதத்தில்தான் இருக்கும்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு டீச்சர், மாத வாடகை 25,000 ரூபாவுக்கு ஒரு மேல்மாடி வீட்டில் 2 வருடம் 7 மாதம் இருந்தார். அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, 150,000 ரூபா. வீட்டுக்காரர் பஜாரில் கடை வைத்திருப்பவர். காலி பண்ணியதும் அவர் கொடுத்த கணக்கு இது: முழு வீட்டுக்கும் பெயின்ட் 48,000, பின்னறை சீலிங் 22,000, சுடுதண்ணி கீசர் 14,500, கடைசி கரண்ட் பில்லும் தண்ணி பில்லும் 4,300. மொத்தக் கழிவு 88,800. திருப்பித் தருவது 61,200. பில் காசைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று டீச்சர் நின்றார். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

பிறகு டீச்சர் தன் பாடசாலையின் முன்னாள் அதிபரிடம் அழுதிருக்கிறார். அவரும் இரக்கப்பட்டு நேரே கடைக்குப் போய்விட்டார். கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே பேச்சை எடுத்திருக்கிறார். "ஆள் அனுப்பிக் கதைக்கிற அளவுக்கு நான் என்ன திருடனா, டீச்சர்?" என்று வீட்டுக்காரர் அன்று இரவே போன் எடுத்தார். அதிபர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கடைக்குள் அவர் கால் வைத்தபோதே டீச்சரின் ஆளாகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் எடுபடாது.

நடுவர் என்றால், மற்றவரும் சேர்ந்து தெரிவு செய்தவராக இருக்க வேண்டும். அரசாங்கத்தின் மத்தியஸ்த சபையிலும் இதே வழிதான்: மூன்று பேர் கொண்ட குழுவில் இரண்டு தரப்பும் ஆளுக்கொருவரைத் தெரிவு செய்வார்கள். அதனால் ஒரே பெயரைச் சொல்லி "இவரிடம் கேட்போம்" என்று அனுப்பாதீர்கள். இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லி, தெரிவை அவர் கையில் விடுங்கள். பெயர் சொல்லும்போது நான் பார்ப்பது மூன்றுதான். இரண்டு பேருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. யாரிடமும் கடனோ கடைக்கணக்கோ இருக்கக் கூடாது. தானும் வாடகைக்கு வீடு விடுகிறவராக இருக்கக் கூடாது. தோட்டத்துத் தலைவர்களையும் இந்த வேலைக்கு நான் சொல்வதில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு பணத்தை விட்டு, யார் பக்கம் ஆள் பலம் என்பதற்குப் போய்விடுகிறது.

டீச்சருக்கு நான் எழுதிக் கொடுத்த வட்ஸ்அப் செய்தி இதுதான்:

"அண்ணே, முன்பு சேர் கடைக்கு வந்தது உங்களிடம் கேட்காமல் நடந்தது. அது என் பிழை. கரண்ட், தண்ணி பில் 4,300 நான் கட்ட வேண்டியது, அதில் பேச்சில்லை. உங்கள் கணக்குப்படியே எனக்கு வர வேண்டிய 61,200ஐ முதலில் தந்துவிடுங்கள். பெயின்ட், சீலிங், கீசர் மூன்றில் மட்டும் நமக்குள் ஒத்துவரவில்லை. கோயில் தர்மகர்த்தா ஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா, இரண்டு பேரில் உங்களுக்குச் சரியென்று படுகிறவரைச் சொல்லுங்கள்; வேறு பொதுவான ஆள் இருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கேட்போம். அவர் வீட்டைப் பார்த்து ஒரு தொகை சொல்லட்டும். இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் எழுதிக் கையெழுத்து வைப்போம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொன்னால் நல்லது."

இதில் முக்கியமானது, சண்டையில்லாத 61,200ஐப் பிரித்துக் கேட்டது. முழுப் பணமும் அவர் கையில் இருக்கும்வரை, இழுத்தடிப்பதால் அவருக்கு நட்டமில்லை. பெரியவரின் வேலை என்னவென்று எல்லை கட்டியதும் முக்கியம். "எங்கள் பிரச்சினையைத் தீர்த்து வையுங்கள்" என்று பொதுவாக விட்டால் பழைய மனக்கசப்பெல்லாம் வெளியே வரும். மூன்று சாமான்களுக்குத் தொகை சொல்லுங்கள் என்றால் பேச்சு அதற்குள்ளேயே நிற்கும்.

வீட்டுக்காரர் தபாலதிபரைச் சொன்னார். 61,200ஐயும் அந்த வாரமே வங்கியில் போட்டார். பெரியவர் முதலில் கேட்டது வீட்டைக் கையேற்ற நாளில் எடுத்த படங்களை. அப்புறம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனார். எங்கள் பக்கம் ஈரக்கறையில் இரண்டு வகை உண்டு. ஜன்னலைத் திறக்காமல், மழைக்காலத்தில் துணியை உள்ளே காயப்போட்டால் வருவது கறுப்புப் புள்ளிப் பூஞ்சணம். அது சுவர் மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் படரும். கூரை ஒழுகினால் வருவது பழுப்பு நிற வளையம், தேத்தண்ணிக் கறை மாதிரி ஓரம் மட்டும் கருத்திருக்கும். சீலிங்கில் இருந்தது வளையம். ஒரு பாஸை ஏற்றிப் பார்க்கச் சொன்னதில், நேர் மேலே கூரைத் தகர ஆணியில் ரப்பர் வாஷர் இற்றுப்போயிருந்தது. 22,000 அந்த இடத்திலேயே விழுந்தது. கூரை வீட்டுக்காரரின் பொறுப்பு.

பெயின்ட் டீச்சர் வருவதற்கு ஒரு வருடம் முன் அடித்தது. மூன்றரை வருடப் பெயின்ட் மங்குவது சாதாரணத் தேய்மானம், அதை வாடகைக்காரர் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒரு அறையில் பிள்ளைகள் கிறுக்கியிருந்தார்கள், டீவி மாட்டிய ஓட்டைகளும் இருந்தன. அந்த அறைக்கு மட்டும் 12,000 என்றார். கீசர் பழையது, ஆனால் பழுதானதை டீச்சர் உடனே சொல்லவில்லை என்பதால் பாதி, 7,250. பில்லோடு சேர்த்துக் கழிவு 23,550. டீச்சருக்கு வர வேண்டியது 126,450, ஏற்கெனவே வாங்கியது போக 65,250.

வீட்டுக்காரரிடம் மொத்தமாக இருக்கவில்லை. 35,000 அந்த மாதம், 30,250 அடுத்த மாதம் என்று திகதியோடு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள், பெரியவர் சாட்சி. "இதற்கு மேல் இந்த வாடகை சம்பந்தமாக இருவருக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை நான் சேர்த்தேன். இந்தத் தாள் இல்லாமல் பெரியவரின் சொல் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பணம் நேரே கைமாற வேண்டும். பெரியவரிடம் கொடுத்து வைக்காதீர்கள், கடைசியில் அவர்தான் சங்கடப்படுவார்.

பதிலே வராவிட்டாலும், மறுத்தாலும், அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பியுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த தொகைக்குட்பட்ட பிணக்கென்றால் அங்கே போய் இணக்கமில்லை என்ற சான்றிதழ் வாங்காமல் வழக்குப் போட முடியாது. பெரியவரோடு பேசிக்கொண்டிருப்பதால் வழக்குக்கான காலம் நின்றுவிடாது என்பதையும் கவனியுங்கள்: எழுத்து ஒப்பந்தமென்றால் 6 வருடம், வாய்ப்பேச்சென்றால் 3 வருடம். நான் பெரியவருக்குக் கொடுக்கச் சொல்லும் அவகாசம், அவர் வீட்டைப் பார்த்த நாளிலிருந்து மூன்று வாரம்.