செட்டிநாட்டுக் கறிக்குழம்பும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டியவையும்

நெஞ்செரிச்சல், வயிற்று எரிச்சல் என்று உணவியல் ஆலோசனைக்கு வருபவர்களிடம் முந்தைய நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் குழம்பின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அதை எதோடு சாப்பிட்டார்கள், பக்கத்தில் என்ன இருந்தது, நடுவில் என்ன குடித்தார்கள் என்பதையெல்லாம் துருவித் துருவித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில், தொந்தரவுக்கான காரணம் குழம்பில் பாதி என்றால், அதன் துணைகளில் மறுபாதி இருக்கிறது. ஆகவே காரம் சாப்பிடுவதை விடச் சொல்வதற்கு முன், தட்டை மாற்றிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

எடுத்துக்காட்டுக்குச் செட்டிநாட்டு ஆட்டுக்கறிக் குழம்பையே எடுத்துக்கொள்வோம். அதில் வறமிளகாய், மிளகு என இரண்டு காரங்கள் இருக்கின்றன. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நாக்கிலும் உதட்டிலும் உள்ள வெப்ப உணர்விகளைத் தூண்டுகிறது. மிளகில் உள்ள பைப்பரினும் அதே உணர்விகளை, ஆனால் மிகக் குறைவான வீரியத்தோடு, தூண்டுகிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்காகவே இருக்கும் உணர்விகள் அவை. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய குழம்பு, ஆறிய அதே குழம்பைவிடக் காரமாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான். சூடும் மிளகாயும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பைக் கால் மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டால் காரத்தின் கடுமை தணிவதோடு, எண்ணெயும் தெளிந்து மேலே வந்து நிற்கும்.

அந்த எண்ணெயைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கேப்சைசின் தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். எண்ணெயில் நன்றாகக் கரையும். குழம்பின் மேல் சிவப்பாக மிதக்கும் எண்ணெயில் மிளகாயின் நிறம் மட்டுமல்லாமல் காரத்திலும் பெரும்பங்கு சேர்ந்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று அந்த எண்ணெயையே அகப்பையால் அள்ளி விருந்தினருக்கு ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாறாக, அரைக்கிலோ கறிக்கான குழம்பிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை வழித்தெடுத்து வைத்துவிட்டால் சுவை பெரிதாகக் குறைவதில்லை, காரம் மட்டும் தெளிவாகக் குறைகிறது. எடுத்த எண்ணெயை மறுநாள் முட்டைப் பொரியலுக்குத் தாளிக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எதைத் தொட்டுச் சாப்பிடுகிறோம் என்பதும் இந்த எண்ணெயோடு தொடர்புடையதே. பரோட்டா மாவில் பிசையும்போதும், ஊறவைக்கும்போதும், வீசும்போதும், கல்லில் போடும்போதும் எண்ணெய் சேர்கிறது. அதன் அடுக்குகளைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊறவைத்தால், மைதாவும் எண்ணெயும் காரமும் பிரிக்க முடியாத ஒரே பண்டமாகிவிடுகின்றன. நாக்குக்கு நடுவில் ஓய்வே கிடைப்பதில்லை. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும் என்பதால், உண்டது எதுக்களிப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. இடியாப்பம் ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது. ஆனால் இழைகளுக்கு நடுவே குழம்பை ஏராளமாக இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கும் உண்டு என்பதால், தட்டு முழுக்க ஊற்றிப் பிசையாமல் ஓரமாக ஊற்றிக்கொண்டு தொட்டுச் சாப்பிடுவது நல்லது. எனக்குப் பிடித்தது கல்தோசை. தடிமனாகவும் மெத்தென்றும் இருப்பதால் ஒரு விள்ளலுக்கு எவ்வளவு குழம்பு என்பதைக் கையே தீர்மானிக்கிறது. இரண்டு விள்ளல் குழம்போடு, ஒரு விள்ளல் வெறுமனே என்று மாற்றி மாற்றிச் சாப்பிடவும் முடிகிறது. எண்ணெயில்லாத சப்பாத்தியைப் பலர் ஆரோக்கியம் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அது வறண்டிருப்பதால் அதை நனைக்கவே அதிகக் குழம்பு தேவைப்படுகிறது. இந்தக் குழம்புக்கு அது பொருத்தமான ஜோடி இல்லை என்பதே என் கருத்து.

இனிக் குளிர்ச்சிக்கு வருவோம். காரம் உறைத்தவுடன் எல்லோரும் தேடுவது தண்ணீரைத்தான். குளிர்ந்த நீர் வாயில் இருக்கும் வரை இதமாக இருக்கும். விழுங்கியதும் எரிச்சல் திரும்பிவிடும், ஏனெனில் காரத்தை அது கரைத்து எடுத்துச் செல்வதில்லை. சோடாவும் கோலா பானங்களும் இன்னும் மோசம், அவற்றில் கரைந்திருக்கும் வாயு உண்டாக்கும் அமிலம் ஏற்கெனவே எரியும் நாக்கில் தனியாகவே சுருக்கென்று குத்தும். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்னும் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து விலக்குகிறது. கொழுப்பு நீக்கிய பாலும்கூட ஓரளவு வேலை செய்வது இதனால்தான். தேங்காய்ப்பாலில் கேசின் இல்லை, ஆனால் முதல் பாலில் உள்ள கொழுப்பு காரத்தைக் கரைக்கும். பால் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே வழி. யாழ்ப்பாணத்தில் இடியப்பத்துக்கு உறைப்பான இறைச்சிக் கறியோடு தேங்காய்ப்பால் சொதியையும் சேர்த்து வைப்பார்கள். அந்தத் தட்டில் இந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது.

தயிர்ப் பச்சடி என்ற பெயரில் நம் வீடுகளிலும் உணவகங்களிலும் வருவதில் பாதி, இந்த வேலைக்கு உதவாது. நீர்த்த தயிரில் வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் நறுக்கிப் போட்டு, உப்பை முன்கூட்டியே கலந்து வைத்தால், வெங்காயம் நீர் விட்டு, பரிமாறும் நேரத்தில் அது காரமான மோராகிவிடுகிறது. நீர்மோரின் நிலையும் இதுதான். தயிரைப் போல நான்கு மடங்கு தண்ணீர் சேர்த்தபின் அதில் புரதம் சொற்பமே மிஞ்சுகிறது, அதோடு இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டால் தணிக்க வந்ததே காரத்தைக் கூட்டுகிறது. தாகத்துக்கு நீர்மோர் அருமையானது, ஆனால் உறைப்புக்கு அது மருந்தல்ல.

நான்கு பேருக்கு நான் சொல்லும் பச்சடி இதுதான்: புளிக்காத தயிர் இரண்டு கோப்பை, அதாவது ஏறத்தாழ 400 மில்லி எடுத்து, மெல்லிய துணியில் அரைமணி நேரம் வடியவிட வேண்டும். ஒரு வெள்ளரிக்காயின் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, மீதியைத் துருவிப் பிழிந்து தயிரில் சேர்த்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். வறுத்த சீரகப்பொடி ஒரு சிட்டிகையும் உப்பு கால் தேக்கரண்டியும் இலையில் வைக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். மிளகாய் தாளிக்கக் கூடாது. சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தால் அது குவியலாக நிற்க வேண்டும், ஓரத்தில் நீர் பிரிந்து ஓடினால் வெள்ளரி சரியாகப் பிழியப்படவில்லை. புளித்த தயிரைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், காரத்தால் புண்பட்டது போலிருக்கும் உதட்டில் புளிப்பும் எரியும் என்பதுதான். கோடையில் காலையில் உறையூற்றிய தயிர் மதியத்துக்குள் கெட்டியாகிவிடும். உறைந்தவுடன் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டால் புளிப்பேறாது.

பக்கக் கறிகளில் நடக்கும் தவறு வேறு வகையானது. கறிக்குழம்புக்குப் பக்கத்தில் மிளகு வறுவல், அதற்குப் பக்கத்தில் மசாலா தடவிய மீன், பின்னர் மிளகு ரசம், ஊறுகாய் என்று அடுக்கினால் ஒரே மசாலாவை ஐந்து பெயர்களில் சாப்பிடுகிறோம் என்று பொருள். உப்பும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடுகிறது. குழம்பு காரமாக இருக்கும் நாளில் சுரைக்காய்க் கூட்டு, பாசிப்பருப்பு போட்ட கீரை, தேங்காய் தூவிய அவரைக்காய்ப் பொரியல் போன்றவற்றில் ஒன்றும், வேகவைத்த முட்டையும் போதும்.

ஒருவரின் நிலையை இங்கே சொல்வது பொருந்தும். நாற்பதைக் கடந்த கடைக்காரர். கடையை அடைத்துவிட்டு இரவு பத்தரை மணிக்குமேல் சால்னாவில் ஊறிய பரோட்டாவும் மிளகு தூவிய ஆம்லெட்டும் சாப்பிட்டு, ஒரு சோடா குடித்துவிட்டு உடனே படுப்பார். படுத்த அரைமணியில் நெஞ்சு எரிந்து, புளிப்பு நீர் தொண்டைக்கு ஏறும். குளிர்ந்த பாலைக் குடித்ததும் அடங்கும், பின்னிரவில் திரும்பவும் வரும். ‘தயிர் சாப்பிட்டால் சூடு தணியும் என்றார்களே, அதுவும் கேட்கவில்லையே’ என்பது அவருடைய குறை. வாயின் எரிச்சல் வேறு, நெஞ்சின் எரிச்சல் வேறு என்பதைத்தான் அவருக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது. வாயில் உறைப்பது சில நிமிடங்களில் தணியும், அதற்குத் தயிர் உதவும். உண்டபின் எதுக்களித்து வரும் எரிச்சல் இரைப்பை அமிலத்தால் ஆவது. பால் அதைச் சிறிது நேரம் அடக்கிவிட்டு, மேலும் அமிலம் சுரக்கவும் தூண்டும்.

அவர் குழம்பை விடவில்லை. எட்டு மணிக்கெல்லாம் கடைக்கே சாப்பாடு வரும்படி ஏற்பாடு செய்துகொண்டார்; நான்கு இடியாப்பம், எண்ணெய் வழித்த குழம்பு ஒரு கரண்டி, சுரைக்காய்க் கூட்டு, வெள்ளரிப் பச்சடி அரைக் கோப்பை என்று தட்டு மாறியது. பச்சை வெங்காயம் சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டும் என்பதால் அதைத் தவிர்த்தோம், சோடாவை நிறுத்தினோம். படுப்பதற்கு முன் இரண்டரை மணி நேரமாவது இடைவெளி விழுந்தது. சில வாரங்களில் இரவு எரிச்சல் வெகுவாகக் குறைந்தது. மருத்துவர் கொடுத்த மாத்திரையும் அப்போது எடுத்துக்கொண்டிருந்தார் என்பதால் முழுப் பெருமையையும் தட்டுக்கே கொடுக்க மாட்டேன். ஆயினும் மாத்திரையை நிறுத்தியபின் ஒரு திருமணப் பயணத்தில் நள்ளிரவுப் பரோட்டாவுக்குத் திரும்பியபோது எரிச்சலும் திரும்பியது.

விழுங்குவதில் சிரமம், கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருந்தால் தட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும். வியர்வையோடு நெஞ்சு அழுத்தி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அதை வாயு என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வயிற்றுப்புண்ணுக்கு மிளகாயே காரணம் என்று நம்பி, வருடக்கணக்கில் காரத்தை மட்டும் ஒதுக்கி வாழ்பவர்களையும் பார்க்கிறேன். பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்னும் கிருமியோ வலிமாத்திரைகளோ ஆகும். காரம் இருக்கும் புண்ணின் வலியைக் கூட்டலாம், ஆனால் அதை ஒதுக்கியதால் கிருமி போய்விடாது.

மறுநாள் மிஞ்சும் குழம்புக்கு வேறு கணக்கு. சுண்டச் சுண்ட நீர் குறைந்து உப்பும் காரமும் செறிவாகின்றன, ஆகவே முதல்நாள் அளவையே ஊற்றிக்கொண்டால் அது ஏறக்குறைய இருமடங்குக் காரம் ஆகலாம். சூடுபடுத்தும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டு, உப்புச் சேர்க்காமல் கொதிக்கவைத்து, கெட்டித் தயிர் பிசைந்த சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கரண்டி மட்டும் வைத்துக்கொள்ளலாம்.