சொல் விளக்கம்: டிரிப்டோபேன் (இரவுப் பாலும் எதுக்களிப்பும்)

படுக்கப் போகும்முன் வெதுவெதுப்பான பால் குடித்தால் தூக்கம் வரும் என்பதற்கு இப்போது எல்லோரும் சொல்லும் காரணம், பாலில் டிரிப்டோபேன் இருக்கிறது என்பதுதான். டிரிப்டோபேன் என்பது புரதத்தைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்று. நம் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அதனால் அதை ‘இன்றியமையா அமினோ அமிலம்’ என்கிறோம். மூளை அதைக் கொண்டு, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனினைச் செய்கிறது. செரோடோனினிலிருந்து, இரவு வந்துவிட்டதை உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் உருவாகிறது. பாலுக்கும் தூக்கத்துக்கும் முடிச்சுப் போடுவது இந்தத் தொடர்தான்.

சொல் பிறந்த கதையிலும் பால் உண்டு. கணையம் சுரக்கும், புரதத்தைச் செரிக்கும் நொதிக்கு 1870களில் ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே ‘டிரிப்சின்’ என்று பெயரிட்டார். அந்த நொதியால் செரித்த புரதக் கரைசலில் புரோமின் நீரைச் சேர்த்தால் செவ்வூதா நிறம் தோன்றும். நிறத்தைத் தரும் பொருள் எது என்று தெரியாமலே, 1890இல் ரிச்சர்ட் நொய்மைஸ்டர் அதற்கு ‘டிரிப்டோபேன்’ என்று பெயர் வைத்தார். முதற்பாதி டிரிப்சின் செரிமானத்தைக் குறிக்கும். பிற்பாதி ‘தோன்றுதல், வெளிப்படுதல்’ என்ற பொருளுள்ள கிரேக்க வேர். ஆக, ‘டிரிப்சின் செரிக்கும்போது வெளிப்படுவது’ என்பதே பெயரின் பொருள். 1901இல் கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்சும் சிட்னி கோலும் அந்தப் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட புரதம் பாலின் கேசின். தூக்கத்தைப் பற்றிய எண்ணம் எதுவும் இந்தப் பெயரில் இல்லை.

இதற்குத் தனித்தமிழ்ச் சொல் ஆக்குவது பயன் தராது என்பதே எங்கள் கருத்து. மாத்திரை அட்டையிலும் ஆய்வுக்கூட அறிக்கையிலும் வாசகர் சந்திக்கப்போவது இந்த ஒலியைத்தான். டிரிப்டோபேன் என்றே எழுதலாம். மாறாக, இரவுப் பாலால் சிலருக்கு வரும் தொல்லைக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 200 மில்லி பாலில் ஏறத்தாழ ஆறரை கிராம் புரதம் இருக்கும். அதில் டிரிப்டோபேன் 90 மில்லிகிராம் அளவுக்கு வரும். தூக்கம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்தது 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம்; அதுவும் வேறு புரதம் எதுவும் கலக்காத தனி டிரிப்டோபேனாக. அந்த அளவைப் பாலிலிருந்து பெற வேண்டுமானால் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும்.

சரி, அவ்வளவையும் ஒருவர் குடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பலிக்காது. மூளைக்குள் நுழையக் குருதி-மூளைத் தடுப்பைத் தாண்ட வேண்டும். அங்கே டிரிப்டோபேனை உள்ளே எடுத்துச் செல்லும் கடத்திப் புரதம் அதற்கு மட்டும் உரியது அல்ல. லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின், பினைல்அலனின் ஆகியவையும் அதே வாசலில்தான் நுழைகின்றன. மேலே சொன்ன 200 மில்லி பாலில் இந்த ஐந்தும் சேர்ந்து 2 கிராம் அளவில் இருக்கும். டிரிப்டோபேன் ஒரு பங்கு என்றால் போட்டிக்கு நிற்பவை இருபது பங்குக்கும் மேல். பால் குடித்ததும் இரத்தத்தில் டிரிப்டோபேன் கூடுகிறது, ஆனால் மற்றவை அதைவிட அதிகமாகக் கூடுகின்றன. மூளைக்குள் போகும் பங்கு ஏறுவதில்லை. எத்தனை குவளை குடித்தாலும் இந்த விகிதம் மாறாது, ஏனென்றால் அது பால் புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

விகிதம் சாதகமாக மாறும் ஒரு வழியை 1970களின் தொடக்கத்தில் ஃபெர்ன்ஸ்ட்ரம், வர்ட்மன் என்ற இருவரும் எலிகளில் காட்டினார்கள். புரதம் இல்லாத மாவுச்சத்து உணவு இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இன்சுலின் மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிடுகிறது. டிரிப்டோபேனில் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்வளவு எளிதில் குறைவதில்லை. போட்டி தணிகிறது, வாசல் திறக்கிறது. ஆனால் உணவில் சிறிதளவு புரதம் சேர்ந்தாலே இந்த விளைவு மங்கிவிடும். பாலின் கலோரியில் ஐந்தில் ஒரு பங்கு புரதத்திலிருந்து வருகிறது. பாலில் சர்க்கரையைக் கொட்டிக் குடிப்பதால் இந்தக் கணக்கு சரியாகிவிடாது.

சூடாக்குவதாலும் டிரிப்டோபேன் கூடுவதில்லை. அப்படியானால் பால் குடித்தால் தூக்கம் வருகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. இளஞ்சூடான ஒன்றை மெதுவாகக் குடிப்பது, அந்தப் பத்து நிமிடம் வேறு வேலை செய்யாமல் இருப்பது, பசியடங்குவது, தினமும் அதே நேரத்தில் அதையே செய்வதால் உடல் அதைப் படுக்கையோடு சேர்த்துப் பழகிக்கொள்வது, இவையெல்லாம் உண்மையிலேயே உதவக்கூடியவை. பால் ஒத்துக்கொள்பவர் அதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. டிரிப்டோபேனுக்காக என்று எண்ணி அளவைக் கூட்டுவதுதான் வீண். ‘பாலில் போதவில்லை’ என்று மாத்திரைக்குத் தாவுவது அதைவிடக் கவலைக்குரியது. 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபேன் மாத்திரை எடுத்தவர்களிடையே கடும் தசைவலியும் இரத்த வெள்ளணு மாற்றமும் கொண்ட நோய் பரவிப் பலர் இறந்தார்கள்; தயாரிப்பில் கலந்த மாசே முதன்மையாகச் சந்தேகிக்கப்பட்டது. மாசில்லாத மாத்திரையானாலும், மனச்சோர்வுக்குச் செரோடோனினைக் கூட்டும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைச் சேர்க்கவே கூடாது.

இனி அந்தத் தமிழ்ச் சொல். குடித்த பாலைக் குழந்தை கக்கும்போது ‘எதுக்களிக்கிறது’ என்கிறோம். எதிர்க்களித்தல் என்றும் எழுதுவார்கள். இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவதுதான் எதுக்களிப்பு. மருத்துவர்கள் ‘ரிஃப்ளக்ஸ்’ என்பதற்கு இதைவிடச் சரியான சொல் தேட வேண்டியதில்லை. ‘நெஞ்செரிச்சல்’ என்பது வேறு. எதுக்களித்த அமிலம் உணவுக்குழாயில் பட்டபின் நாம் உணர்வது அது. வாந்தியும் வேறு, அதில் வயிற்றுத் தசைகள் இறுகி வெளியே தள்ளுகின்றன. எதுக்களிப்பில் அந்த உந்துதல் இல்லை. எரிச்சலே இல்லாமலும் எதுக்களிப்பு நடக்கலாம். வாயில் புளிப்பு, விடியற்காலை இருமல், எழுந்ததும் கரகரத்த குரல் ஆகியவை மட்டும் தெரிபவர்களும் உண்டு.

பால் நெஞ்செரிச்சலுக்கு மருந்து என்றே பலர் நம்புகிறார்கள். குடித்த உடனே இதமாகத்தான் இருக்கும். பால் அமிலத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. ஆனால் பாலின் புரதமும் கால்சியமும் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன. கேசின் அமிலத்தில் திரிந்து கட்டியாகி மெல்லத்தான் கீழே இறங்கும். கொழுப்பு அந்த இறக்கத்தை இன்னும் தாமதப்படுத்துகிறது. முதலில் வந்த இதம் போன பிறகு, இரைப்பை நிறைந்தும் அமிலமாகவும் இருக்கிறது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இரைப்பையின் வாயை மூடி வைத்திருக்கிறது. விழுங்காத நேரத்திலும் அது அவ்வப்போது சில நொடிகள் தளரும். இரைப்பை விரிந்திருந்தால் இந்தத் தளர்வு அடிக்கடி நிகழும். உட்கார்ந்திருக்கும்போது தளர்ந்தால் பெரும்பாலும் காற்றுதான் ஏப்பமாக வரும். படுத்திருக்கும்போது அதே வழியாகத் திரவம் ஏறுகிறது. விழித்திருப்பவர் உமிழ்நீரை விழுங்கி அதைக் கழுவிவிடுவார். தூங்குபவருக்கு உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் வெகுவாகக் குறைந்துவிடும். ஏறிய அமிலம் அங்கேயே தங்கி அரிக்கிறது. இரவுப் பாலில் தொல்லை பாலோடு நிற்காமல், படுக்கும் நேரத்தோடும் சேர்ந்திருப்பது இதனால்தான்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு இரவு உணவு, பத்தரைக்கு 250 மில்லி முழுக்கொழுப்புப் பால், பத்தே முக்காலுக்குப் படுக்கை. எளிதாகவே தூங்கிவிடுகிறார். பன்னிரண்டரைக்கு நெஞ்சுக்குழியில் எரிச்சலோடும் தொண்டையில் புளிப்போடும் விழிக்கிறார். பக்கத்திலிருக்கும் மிச்சப் பாலை ஒரு வாய் குடிக்கிறார், அடங்குகிறது, இரண்டரைக்கு மீண்டும் விழிப்பு. தூக்கம் கலைவதற்குக் காரணம் குடித்த பால் போதாததுதான் என்று எண்ணி மறுநாள் அதைக் கூட்டுகிறார்.

இவர் செய்து பார்க்க வேண்டியது இதுதான். ஒரு வாரம் இரவு உணவையும் படுக்கை நேரத்தையும் மாற்றாமல் பாலை மட்டும் நிறுத்த வேண்டும். விழித்த நேரத்தையும் எரிச்சல் இருந்ததா என்பதையும் காலையில் குறித்து வைக்க வேண்டும். எரிச்சல் போய்விட்டால், அடுத்த வாரம் கொழுப்பு நீக்கிய பால் 100 மில்லியை, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது இரவு உணவை முன்னே நகர்த்தி அதோடு சேர்த்துக் குடித்துப் பார்க்கலாம். அப்போதும் தொல்லை இல்லையென்றால் குற்றம் அளவிலும் கொழுப்பிலும் நேரத்திலும் இருந்தது என்று தெரியும். பாலை நிறுத்தியும் எரிச்சல் அப்படியே இருந்தால் பால் அதற்குக் காரணமில்லை. உணவுக்கும் படுக்கைக்கும் உள்ள ஒன்றே முக்கால் மணி நேர இடைவெளியைத்தான் முதலில் கூட்ட வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பிக் காற்றுப் பிரிகிறது என்பவருக்குப் பால்சர்க்கரை செரியாமல் இருக்கலாம். லாக்டோஸ் நீக்கிய பாலில் அது தெளிவாகிவிடும்.

படுக்கும் விதமும் உதவும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் வாய் அதில் உள்ள திரவத்துக்கு மேலே நிற்கும். வலப்பக்கம் படுத்தால் திரவம் வாயருகே தேங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை வைக்கலாம். தலையணையை அடுக்கி உயர்த்துவது சரிவராது. அது கழுத்தை மடக்கி வயிற்றை அழுத்தி எதுக்களிப்பைக் கூட்டிவிடும். இளஞ்சூட்டுப் பழக்கம்தான் தூக்கத்துக்குத் துணை என்றால், அரைக் குவளை வெந்நீர் அந்த இடத்தை நிரப்பும். புதினா கலந்த பானம் வேண்டாம். புதினாவே சிலருக்குச் சுருக்குத்தசையைத் தளர்த்தும்.

வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் எரிச்சலால் விழிப்பு வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு வாரச் சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தாலோ மூச்சு முட்டினாலோ, அதை நெஞ்செரிச்சல் என்று எண்ணாமல் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.